முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான்காம் நம்பர் பள்ளிப் பேருந்து கிளம்பியது. சங்கரன்கோவிலில் பள்ளி முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்த ரைஹானாவின் லேப்டாப்பில் ஒரு நீலப்புள்ளி அசைந்தது. அது அசைந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர் கோமதியம்மாள். அவர் முன்னால் பன்னிரண்டு பக்கத் திட்ட அறிக்கை. பள்ளிப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷத்தில் வரும் என்று பெற்றோர் செல்போனில் பார்க்க ஒரு செயலி. கடைசிப் பக்கத்தில் முதல்வர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. அங்கே கையெழுத்து விழுந்தால் பள்ளியின் பதினொரு பேருந்துக்கும் ரைஹானாவின் செயலி. விழாவிட்டால், ஐந்து வருஷம் வேலை பார்த்த சென்னைக் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். வாப்பா ரயில் டிக்கெட்டைப் பற்றி இரண்டு தடவை விசாரித்துவிட்டார். போக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. சொந்த ஊரில், சொந்த மூளையில் முளைத்த ஒன்றை வைத்துப் பிழைக்க வேண்டும். இருபத்தொன்பது வயதில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கோமதியம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. பன்னிரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்து, பென்சிலால் பதினேழு கேள்விக்குறி போட்டிருந்தார். சிக்னல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. கடைசியாக எத்தனை மணிக்கு எங்கே தெரிந்தது என்று சாம்பல் நிறத்தில் காட்டும், ஊகித்துப் பொய் சொல்லாது என்று ரைஹானா பதில் சொன்னாள். ஒரு வீட்டுப் பிள்ளையின் பேருந்தை இன்னொரு வீட்டார் பார்க்க முடியுமா என்று ஒரு கேள்வி. பள்ளி அலுவலகத்தில் பதிவான நம்பருக்கு ஓடிபி போகும், அந்த போனில் மட்டும்தான் திறக்கும் என்றாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கோமதியம்மாள், "எழுதுனது சரிம்மா. ஒரு நாள் ஓட்டிக் காட்டு. ஓடுனா கையெழுத்து" என்று முடித்துவிட்டார்.

அந்த ஒரு நாள் இதுதான்.

பேருந்தின் டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. உள்ளே சிம் கார்டு. பத்து வினாடிக்கு ஒரு தடவை வண்டி இருக்கும் இடத்தை அது அனுப்பும். இரண்டு வாரமாகப் பெற்றோருக்குத் தெரியாமலே ஓடவிட்டு, எந்த நிறுத்தத்துக்கும் எந்த நிறுத்தத்துக்கும் இடையே எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ரைஹானா சேர்த்து வைத்திருந்தாள். அதை வைத்துத்தான் வருகை நேரம் வரும். நான்காம் நம்பரில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு நம்பருக்கும் ஓடிபி போய், முப்பத்தொரு போனிலும் செயலி திறந்துவிட்டது. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று! ஞாயிறு சாயங்காலம் அந்தக் கணக்கைப் பார்த்து அவள் தனியாக நின்று கை தட்டினாள்.

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'இந்தச் செயலி வந்தபின் பேருந்து தொடர்பான தொலைபேசி அழைப்புகள் முற்றிலும் நிற்கும்.' அந்த வரியை நிரூபித்தே தீர வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. அதனால் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவளே எழுதினாள்: 'திங்கள் காலை டிரைவருக்கோ, ஆயாவுக்கோ, ஒருவருக்கொருவரோ யாரும் போன் செய்ய வேண்டாம். செயலியைப் பாருங்கள், போதும்.' கோமதியம்மாளும் டிரைவர் வேல்சாமியைக் கூப்பிட்டு, "எல்லாரும் வண்டியப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. எங்கயும் தேவையில்லாம நிக்கக் கூடாது" என்று சொல்லி வைத்தார்.

எட்டு ஆறுக்கு ஆறாவது நிறுத்தம், ஊருக்குள் போகும் சாலை பிரிகிற ஆலடி விலக்கு. நீலப்புள்ளி நின்றது, இருபத்தைந்து வினாடியில் கிளம்பியது. எட்டு முப்பத்தேழுக்குப் பள்ளிக்கு வரும் என்றது திரை. எட்டு முப்பத்தெட்டுக்கு வாசலில் பேருந்தின் ஹார்ன் கேட்டது.

"ஒரு நிமிஷம்தான் வித்தியாசம்" என்று கோமதியம்மாள் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பேனாவைத் திறந்தார்.

ஆனால் அவர் பேனாவை மூடிவிட்டார். "அட்டென்டன்ஸ் வரட்டும்" என்றார். அது அவருடைய வழக்கம். பள்ளிக்கூடத்துக்குள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் காலையில் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

ஒன்பது பத்துக்கு வருகைப் பதிவேடு வந்தது. விரலால் வரிசை வரிசையாக இறங்கிய கோமதியம்மாள் ஓரிடத்தில் நின்றார்.

"மூணாங் கிளாஸ் பி. அனு. லீவ் லெட்டர் இல்ல. எந்த பஸ்?"

"நாலாம் நம்பர், மேடம்" என்றார் பதிவேட்டைக் கொண்டுவந்தவர்.

ஆயா மைமூனம்மாளைக் கூப்பிட்டார்கள். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "ஆலடி வெலக்குல ஏறுத பிள்ளம்மா. இன்னைக்கு அங்கன யாருமே நிக்கல. டிரைவர் அண்ணாச்சி ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சாரு. நிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீயள்லா, அதான் எடுத்துட்டாரு. நான் லீவுன்னு நெனச்சேன்."

பதிவான நம்பருக்குக் கோமதியம்மாளே ஸ்பீக்கரில் போட்டார். ஒரு ஆண் குரல் உற்சாகமாக எடுத்தது.

"வணக்கம் மேடம்! ஆப் சூப்பரா இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். கரெக்டா எட்டு ஆறுக்கு ஆலடி வெலக்கு வந்துட்டு!"

"நீங்க யாரு?"

"அனுவுக்கு மாமா மேடம். பாண்டியராஜன். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன்."

முப்பத்தொன்றில் ஒன்று திருப்பூரில் இருந்தது.

"அனு இன்னும் ஸ்கூலுக்கு வரல" என்றார் கோமதியம்மாள்.

பாண்டியராஜனின் உற்சாகம் அப்படியே அறுந்து விழுந்தது. அவர் வீட்டு நிலவரத்தைச் சொன்னார். பிள்ளையின் அப்பா கேரளாவில் வேலை பார்க்கிறார். அம்மா பேச்சித்தாய் மக்காச்சோளம் ஒடிக்க விடியும்போதே காட்டு வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன். அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அனு தானே சாப்பிட்டு, தானே கிளம்பி, போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

"எதுக்குப் போன் பக்கத்துல?" என்று ரைஹானா கேட்டாள்.

"மிஸ்டு கால் வரும்லா. முந்துன ஸ்டாப்புல இசக்கிசெல்வின்னு ஒரு அக்கா. அவிய பிள்ள பஸ்ல ஏறுனதும் அனுவுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பாவ. அது வந்தா வீட்டப் பூட்டிட்டு வெலக்குக்கு நடக்கணும். அஞ்சு நிமிஷ நட. பஸ்ஸும் சரியா வந்துரும்."

மைமூனம்மாள் தலையை ஆட்டினார். "எல்லா ஸ்டாப்புலயும் அப்பிடித்தானம்மா. ஒருத்தருக்கு ஒருத்தரு குடுத்துக்கிடுவாவ. வருஷக்கணக்கா அப்பிடித்தான் ஓடுது."

ரைஹானாவுக்குத் தெரியாது. ஆறு மாசமாக இந்தப் பேருந்தையே நினைத்துக் கிடந்தவள், சாலையை அளந்தாள், வேகத்தை அளந்தாள், ரயில்வே கேட் மூடுகிற நேரத்தைக்கூட எழுதி வைத்தாள். அம்மாக்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு மணியோசையை வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அதை நிறுத்தியும் விட்டாள். 'ஒருவருக்கொருவரோ' என்று எழுதியது அவள் கைதானே!

ரைஹானா இசக்கிசெல்வியிடம் போனில் பேசினாள். "நீங்கதான யாரும் யாருக்கும் போன் பண்ணப்படாதுன்னு போட்டீய? எல்லாரும் ஆப் பாப்பாவன்னு நான் குடுக்கல. ஐயோ, அந்தப் பிள்ளைட்ட டச் போன் கெடையாதே, எனக்குப் புத்தி எங்கன போச்சு!" என்று அவள் அழத் தொடங்கினாள். பட்டன் போனின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல ரைஹானா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அடித்தாள். மணி போனது. எட்டு, ஒன்பது, பத்து என்று மணி போனது. யாரும் எடுக்கவில்லை. தானாக அறுந்தது.

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை.

"பிள்ள வீட்ல இல்ல மேடம்" என்றாள்.

கோமதியம்மாள் எழுந்துவிட்டார். "வேல்சாமிய வண்டிய எடுக்கச் சொல்லு. நீயும் மைமூனும் போங்க. நான் அவிய அம்மாவுக்கு ஆள் சொல்லி விடுதேன்." அத்தனை வருஷமும் பள்ளிக்கூடத்துக்குள் பொதுப்பேச்சே பேசி வந்தவருக்கு, அன்றைக்கு ஊர்ப்பேச்சு தானாக வந்தது.

காலிப் பேருந்து தடதடவென்று ஓடியது. வேல்சாமி திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தார். "எப்பவும் ஒரு நிமிஷம் நின்னு பாப்பேன், தாயி. பிள்ள ஓடி வாரது தெரியும். இன்னைக்கு எல்லாரும் போன்ல பாக்காவளேன்னு பிரேக்குலருந்து கால எடுத்துட்டேன். என் பிள்ளையா இருந்தா எடுத்திருப்பனா?"

ரைஹானா முன்கண்ணாடி வழியே பார்த்தாள். மெயின் ரோடு முழுக்க லாரி. எட்டு வயசுப் பிள்ளை பேருந்து போய்விட்டது என்று பயந்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே கிளம்பியிருந்தால்? யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டிருந்தால்? கிணற்றுப் பக்கம் போயிருந்தால்? மனசு போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. மைமூனம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையின் இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டியபடி வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

அவள் போன் மணியடித்தது. பதறி எடுத்தாள். பாண்டியராஜன்.

"பஸ் திரும்ப ஆலடி வெலக்குக்கு வருதே, நீங்கதான போறீய? நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சீக்கிரம் போங்க, நல்லா இருப்பீய" என்றார். முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் வேலையை விட்டுவிட்டு அவளுடைய நீலப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவளும் தன் போனில் செயலியைத் திறந்தாள். ஆலடி விலக்கு, ஏழு நிமிஷம். அது காலையில் ஓடிய திசையை வைத்துக் கணக்குப் போடுகிறது, திரும்பிப் போகும்போது அவ்வளவு சரியாக இருக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆறு. ஐந்து. பிறகு புள்ளி சாம்பல் நிறமானது. 'கடைசியாகத் தெரிந்தது: 9:52.' இந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது. அது அவள் அறிக்கையிலேயே உண்டு, ஏழாம் பக்கம். முதல்வரிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள், ஊகித்துப் பொய் சொல்லாது என்று! இப்போது அது ஒரு பொய்யாவது சொல்லாதா என்று இருந்தது. நீலமாக மாறியபோது மூன்று என்றது. பிறகு இரண்டு.

"அன்னா நிக்கா!" என்று மைமூனம்மாள் கத்தினார்.

ஆலடி விலக்கின் நிழற்குடையில் ஒரு சின்ன உருவம் நின்றது. சீருடை, இரட்டைச் சடை, முதுகில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. அடையாள அட்டை நேராகத் தொங்கியது. வண்டி நின்றதும் பிள்ளை படியில் கால் வைத்து ஏறி, "பஸ்ஸு ஏன் இன்னைக்கு இவ்வளவு லேட்டு?" என்று மைமூனம்மாளைக் கேட்டது.

மைமூனம்மாள் பிள்ளையை அப்படியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். ரைஹானா எதிர் சீட்டில் உட்கார்ந்து அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை. பிள்ளை அவளை விசித்திரமாகப் பார்த்தது.

"எங்கட்டி போன? எவ்வளவு நேரமா இங்கன நிக்கே?" என்றார் வேல்சாமி.

"வீட்லதான் இருந்தேன். மிஸ்டு காலே வரல. அம்மா, மிஸ்டு கால் வராம வெளிய போவக் கூடாதுன்னு சொல்லிருக்கா. கொஞ்சம் முந்திதான் வந்தது. ஒடனே பூட்டிட்டு வந்துட்டேன்."

ரைஹானா கண்ணைத் துடைத்தாள். "அது நான்தான்மா அடிச்சேன். நீ ஏன் எடுக்கல?"

"எடுத்தா அது மிஸ்டு கால் இல்லல்லா?" என்றது அனு.

அவள் அடித்த முதல் அழைப்பிலேயே பிள்ளை கிளம்பிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் பூட்டின வீட்டுக்குள் அடித்திருக்கிறது. ஆறு மாசமாக எழுதின நிரலில் நடக்காத காரியத்தை ஒரு மணியோசை செய்துவிட்டது.

மத்தியானம் பேச்சித்தாய் வந்தாள். தலையில் கட்டிய துண்டுகூட அவிழ்க்கவில்லை. சேலையில் சோளத் தட்டையின் சுணை ஒட்டியிருந்தது. வகுப்பு வாசலில் நின்று மகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல்வர் அறைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று ரைஹானா நினைத்தாள். போட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"ஏம்மா, அட்மிஷன் ஃபார்ம்ல உங்க நம்பர எழுதாம தம்பி நம்பர எழுதுனீங்க?" என்று கோமதியம்மாள் கேட்டார்.

பேச்சித்தாய் தரையைப் பார்த்தாள். "கட்டத்துல வாட்ஸ்அப் நம்பர்னு போட்டிருந்தது மேடம். என் போன்ல அது கெடையாது. இல்லன்னு எழுதுனா பிள்ளைக்கு எடம் குடுக்க மாட்டியளோன்னு பயந்துட்டேன்."

கோமதியம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார். அந்தப் படிவத்தை அச்சடிக்கச் சொன்னவர் அவர்தான்.

பேச்சித்தாய் போன பிறகு அறிக்கையை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். பென்சிலை ரைஹானா பக்கம் நீட்டினார். அழைப்புகள் முற்றிலும் நிற்கும் என்ற வரியை அவளே அடித்தாள்.

"மேடம், பட்டன் போனுக்கும் செய்யலாம். வண்டி முந்துன ஸ்டாப்பத் தாண்டுனதும் சர்வரே அந்த நம்பருக்கு அடிச்சு, ரெண்டு மணியில நிறுத்துற மாதிரி வைக்கலாம். பிள்ள ஏறலன்னா ஆயா போன்ல ஒரு பொத்தான்... ரெண்டு வாரம் குடுங்க."

"ரெண்டு வாரம் கழிச்சு வா. பாக்கலாம். கையெழுத்து இன்னைக்கு இல்ல." கோமதியம்மாள் அறிக்கையை டிராயருக்குள் வைத்தார். "அது சரி, நாளைக்குக் காலைல அந்தப் பிள்ளைக்கு யாரு மிஸ்டு கால் குடுக்கா?"

இசக்கிசெல்வி இருக்கிறாள், குழுவில் எழுதியதைத் திரும்பப் பெற்றால் போதும், பழையபடி ஓடும். அது ரைஹானாவுக்கும் தெரியும். இருந்தாலும், "நான் குடுக்கேன் மேடம்" என்றாள்.

மறுநாள் காலை வீட்டில், தேநீர் ஆறிப்போய்க் கிடக்க, அவள் நீலப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னைக்குப் பதில் எழுத இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வாப்பா பக்கத்தில் வந்து நின்றதையும் அவள் கவனிக்கவில்லை. எட்டு ஒன்றுக்குப் புள்ளி ஐந்தாவது நிறுத்தத்தைத் தாண்டியது. உள்ளங்கையில் இன்னும் அழியாமல் இருந்த நம்பரை அடித்தாள். ஒரு மணி. இரண்டு மணி. நிறுத்தினாள்.

எட்டு ஆறுக்குப் புள்ளி ஆலடி விலக்கில் நின்றது. இருபத்தைந்து வினாடி ஆனது, ஐம்பது ஆனது. பிறகு கிளம்பியது. வண்டி எங்கே என்று திரை இம்மி பிசகாமல் சொன்னது. பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று சொல்லவில்லை. எழுந்து நின்றாள். மைமூனம்மாளுக்குப் போன் போடலாமா என்று கை போனது.

அதற்குள் அவள் போன் ஒரே ஒரு தடவை மணியடித்து நின்றது. மைமூனம்மாள்.

நேற்றுச் சாயங்காலம் பேசி வைத்ததுதான்: பிள்ளை ஏறிவிட்டால் ஒரு மணி. ரைஹானா திரும்ப உட்கார்ந்து, ஆறின தேநீரை எடுத்துக் குடித்தாள்.